இரண்டாம் முறை அதே பட்டியல்

சோதிப்பவர் பதினைந்து சொற்களை நொடிக்கு ஒன்று என்ற வேகத்தில், ஏற்ற இறக்கமில்லாத குரலில் வாசிக்கிறார். எல்லாம் அன்றாடப் புழக்கத்தில் உள்ள சாதாரணப் பெயர்ச்சொற்கள். வாசித்து முடித்ததும், நினைவிருப்பதையெல்லாம் எந்த வரிசையிலும் சொல்லலாம் என்கிறார். முதல் முறை பலருக்கும் ஐந்தாறு சொற்கள்தான் வரும். அதே பட்டியலை மறுபடி வாசிக்கிறார், மறுபடி கேட்கிறார். இப்படி ஐந்து சுற்று. பிறகு வேறொரு பட்டியலை ஒரே ஒரு முறை வாசித்துக் கேட்டுவிட்டு, சட்டென்று "முதல்ல சொன்ன லிஸ்ட்ல இருந்து சொல்லுங்க" என்பார். இருபது முப்பது நிமிடம் படம், எண் என்று வேறு வேலைகளில் போக்கிய பிறகு, எதையும் வாசிக்காமலே, முதல் பட்டியலை இன்னொரு முறை கேட்பார்.

சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவைச் சேர்ந்த உளவியலாளர் ஆந்த்ரே ரே பெயரால் வழங்கும் சொற்பட்டியல் சோதனை இது. காகிதமும் பேனாவும் போதும் என்பதால் உலகம் முழுக்கப் பரவியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2004இல் வெளியிட்ட நரம்பு உளவியல் சோதனைத் தொகுப்பிலும் இதன் இந்திய வடிவம் இருக்கிறது. ஐந்து சுற்றுகளிலும் சொன்ன சொற்களைக் கூட்டினால் அதிகபட்சம் 75 வரும். அந்தச் சொற்களை இங்கே அச்சிடப் போவதில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

ஒரே ஒரு முறை சோதிக்கும்போது பெரிய சிக்கல் இல்லை. அதே வயது, அதே படிப்பு உள்ளவர்கள் எத்தனை சொல்கிறார்கள் என்ற அட்டவணை இருந்தால் ஒப்பிட்டுவிடலாம். ஆனால் மருத்துவமனையில் எழும் கேள்வி பெரும்பாலும் அதுவல்ல. "போன வருஷத்தைவிட இப்ப குறைஞ்சிருக்கா?" என்பதுதான் கேள்வி. அதற்கு விடை காண அதே ஆளை அதே சோதனைக்கு மீண்டும் உட்கார வைத்தாக வேண்டும். தொல்லை அங்கே தொடங்குகிறது. எடை பார்ப்பதால் யாருக்கும் எடை கூடிவிடுவதில்லை. நினைவைச் சோதிப்பதோ, அந்த நினைவுக்கே ஒரு பாடம் நடத்தி அனுப்புகிறது.

இந்தத் தொல்லையை நேருக்கு நேர் சந்தித்தவர்கள் வலிப்பு நோய்க்கு அறுவை சிகிச்சை செய்பவர்கள். மருந்துக்கு அடங்காத வலிப்பு பல நேரம் நெற்றிப்பொட்டுக்கு உட்புறமுள்ள டெம்பரல் மடலில் பிறக்கிறது. அந்தப் பகுதியை வெட்டி எடுத்தால் வலிப்பு நிற்க நல்ல வாய்ப்பு உண்டு. இந்தியாவில் வலிப்பு அறுவைக்குப் பிள்ளையார் சுழி போட்டது நம் வேலூர்தான். 1952இல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி செய்தார். வலிப்பு பிறக்கும் அதே மடலின் உட்புறத்தில்தான் புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸும் இருக்கிறது. இடப்பக்கம் வெட்டினால் பெரும்பாலானவர்களுக்குச் சொல் சார்ந்த நினைவு அடிபடும் அபாயம் உண்டு. எனவே அறுவைக்கு முன் ஒரு முறையும், பின் சில மாதங்கள் கழித்து ஒரு முறையும் நினைவைச் சோதிப்பது வழக்கம். இரண்டு எண்களையும் கழித்தால் இழப்பு தெரிந்துவிடும் என்று தோன்றும். தெரியாது என்பதுதான் விஷயம்.

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். முப்பது வயது, கணக்கர் வேலை, இடப்பக்க டெம்பரல் மடலில் அறுவை. அறுவைக்கு முன் ஐந்து சுற்றுகளில் மொத்தம் 45 சொற்கள் சொன்னார். எட்டு மாதம் கழித்து 36. ஒன்பது சொற்கள் குறைவு. இது உண்மையான சரிவா, அல்லது அன்று சரியாகத் தூங்காததா?

இங்கே முதலில் வருவது நம்பகத்தன்மை. நோய் எதுவும் மாறாத நிலையில் ஒரு கூட்டத்தை இரண்டு முறை சோதித்தால் இரு மதிப்பெண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை 0 முதல் 1 வரையுள்ள ஓர் எண்ணால் சொல்வார்கள். ஒத்துப்போவது நெருக்கமாக இருந்தால் எண் 1ஐ நெருங்கும். நம் கணக்குக்கு 0.75 என்று வைத்துக்கொள்வோம்; சொற்பட்டியல் சோதனைகளுக்கு நடைமுறைக்கு ஒவ்வாத எண் அல்ல. ஆட்களுக்கு இடையே மதிப்பெண் எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதைக் காட்டும் திட்ட விலக்கம் 10 என்று கொள்வோம். 1இலிருந்து 0.75ஐக் கழித்தால் 0.25, அதன் வர்க்கமூலம் 0.5. திட்ட விலக்கத்தை அதனால் பெருக்கினால் 5. ஒரு மதிப்பெண்ணில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும் தடுமாற்றத்தின் அளவு இது.

நாம் பார்ப்பதோ இரண்டு மதிப்பெண்களின் வித்தியாசம். இரண்டிலும் தடுமாற்றம் இருப்பதால் 5ஐ 2இன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும், சுமார் 7.1 வரும். எதுவும் மாறாத நூறு பேரில் தொண்ணூறு பேரின் வித்தியாசம் எந்த எல்லைக்குள் அடங்கும் என்று பார்க்க, அதை 1.645ஆல் பெருக்குகிறோம். கிடைப்பது ஏறத்தாழ 11.6. அதாவது மூளையில் ஒன்றுமே நடக்காவிட்டாலும் பதினோரு சொற்கள் வரை மேலும் கீழும் ஆடுவது சகஜம். உளசிகிச்சையில் ஒருவர் உண்மையாகவே தேறினாரா என்று பார்ப்பதற்காக ஜேக்கப்சன், ட்ரூவாக்ஸ் என்ற இருவர் 1991இல் எழுதிய கட்டுரையால் இந்த வகைக் கணக்கு பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. இதன்படி நம் கணக்கரின் ஒன்பது சொல் வீழ்ச்சி எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. "குறிப்பிடத்தக்க மாற்றமில்லை" என்று அறிக்கை எழுதி அனுப்பிவிடலாம்.

அப்படி எழுதினால் அது தவறு. 0.75 என்ற அந்த எண்ணுக்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. ஒரு கூட்டத்தில் உள்ள ஒவ்வொருவரும் இரண்டாம் முறை சரியாக நான்கு சொற்கள் கூடுதலாகச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை முதலிடத்தில் இருந்தவர் இப்போதும் முதலிடம். கடைசியில் இருந்தவர் இப்போதும் கடைசி. ஒத்துப்போகும் அளவு 1, அதாவது அப்பழுக்கற்ற நம்பகத்தன்மை. ஆனால் அங்கே ஒருவர்கூடப் பழைய மதிப்பெண்ணில் இல்லை! பொதுவாகப் பயன்படுத்தும் ஒட்டுறவுக் கெழு வரிசை குலையவில்லை என்பதைத்தான் சொல்லும். கூட்டமே மொத்தமாக மேலே நகர்ந்ததைச் சொல்லாது. "நம்பகத்தன்மை உயர்ந்த சோதனை, அதனால் மறுபடி பயன்படுத்தலாம்" என்ற வாக்கியத்தைச் சோதனைக் கையேடுகளை நம்பிச் சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

மொத்தமாக மேலே நகரும் அந்த நகர்வுக்குப் பெயர் பயிற்சி விளைவு. வலிப்பு நோயாளிகளில் இதை அளக்க கோர்டன் செலூனும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு ஓர் எளிய வழியைக் கையாண்டது. வலிப்பு இருந்தும் அறுவை செய்யப்படாத நோயாளிகளை இரண்டு முறை சோதித்தார்கள். அவர்கள் மூளையில் யாரும் கத்தி வைக்கவில்லை. எனவே இரண்டாம் முறை அவர்கள் சராசரியாக எவ்வளவு கூடுகிறார்களோ அவ்வளவும் சோதனை கற்றுக்கொடுத்ததுதான். அறுவை செய்துகொண்டவரின் மாற்றத்திலிருந்து அந்தச் சராசரியைக் கழித்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

நம் கணக்கருக்கு அதைச் செய்வோம். அறுவை இல்லாதவர்களின் சராசரி ஏற்றம் 4 சொற்கள் என்று கொள்வோம். அப்படியானால் அவரிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது 45 அல்ல, 49. அவர் சொன்னது 36. பதின்மூன்று குறைவு. 11.6 என்ற எல்லையைத் தாண்டிவிட்டது; இது சரிவு. மறுபக்கமும் இருக்கிறது. இன்னொருவர் 45இலிருந்து 57க்கு ஏறுகிறார் என்றால், பன்னிரண்டு சொல் ஏற்றத்தைப் பார்த்துக் குடும்பமே மகிழும். எதிர்பார்ப்பு 49 என்னும்போது அந்த ஏற்றம் எட்டுதான், எல்லைக்குள் அடக்கம். முன்னவரிடம் சரிவை மறைத்த அதே நான்கு சொற்கள் பின்னவரிடம் இல்லாத முன்னேற்றத்தைக் காட்டியிருக்கும்.

மூன்றாவதாக, 45 எடுத்தவர் மறுபடியும் 44 எடுத்தால்? எதிர்பார்ப்பைவிட ஐந்து குறைவு, எல்லைக்குள்தான். இவருக்குச் சரிவு என்று சொல்ல முடியாது; ஆனால் "அப்படியே இருக்கிறார்" என்று அடித்துச் சொல்லவும் முடியாது. நல்ல அறிக்கை இந்த இடத்தில் தயங்கும். அந்தத் தயக்கத்தைத் திறமைக் குறைவாக எடுத்துக்கொள்ளும் டாக்டர்களும் உண்டு. அது அவர்கள் குறை.

சரி, நோயாளி இரண்டாம் முறை எதை நினைவு வைத்திருக்கிறார்? சொற்களையா? ஓரளவு ஆம். சிலர் முதல் சுற்று தொடங்கியதுமே "இது போன தடவை சொன்ன அதே லிஸ்ட்தானே மேடம்?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்காதவர்களிடமும் அறிகுறி தெரியும். முதல் முறை வந்தபோது முதல் சுற்றில் ஐந்து சொற்கள் சொன்னவர் இப்போது எடுத்த எடுப்பிலேயே ஒன்பது சொன்னால், பழைய பட்டியல் உள்ளே எங்கோ கிடக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் மொத்தக் கூட்டலை மட்டும் பார்க்காமல் சுற்றுவாரியான மதிப்பெண்களையும் நிபுணர்கள் பார்க்கிறார்கள்.

ஆனால் சொற்களை அடியோடு மறந்தவருக்கும் பயிற்சி மிச்சமிருக்கும். அதற்கு ஹென்றி மொலைசனைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. 1953இல் அமெரிக்காவில் வலிப்புக்காக அவருக்கு மூளையின் இரு பக்கமும் டெம்பரல் மடல்களின் உட்பகுதியை அகற்றினார்கள். அதன் பின் புதிதாக எதையும் நினைவில் நிறுத்த முடியாமல் போனது. அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர், கையை நேராகப் பார்க்காமல் கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தின் இரு கோடுகளுக்கிடையே பென்சிலால் வரையச் சொன்னார். மூன்று நாட்களில் மொலைசனின் கை தெளிவாகத் தேறியது. ஒவ்வொரு நாளும் அவருக்கு அது புதிய வேலை. முன்பு செய்ததாகவே நினைவில்லை. உள்ளடக்கத்தின் நினைவும் செய்முறையின் நினைவும் வெவ்வேறு என்பதற்கு அது சான்றாயிற்று.

சொற்பட்டியலிலும் அப்படித்தான். ஒரே பட்டியல் ஐந்து முறை வரும், எனவே முதல் சுற்றில் பதற வேண்டாம் என்று இரண்டாம் முறை வருபவருக்குத் தெரியும். கடைசிச் சொற்களை மறப்பதற்குள் முதலில் கொட்டிவிட வேண்டும், வீட்டுச் சொற்களை ஒரு கொத்தாகவும் வயல்காட்டுச் சொற்களை ஒரு கொத்தாகவும் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற உத்தியும் கைவந்திருக்கும். அறை பழகியிருக்கும், பயம் தணிந்திருக்கும். இவற்றில் எதற்கும் ஒரு சொல்லைக்கூட நினைவு வைத்திருக்கத் தேவையில்லை.

வேறு பட்டியலைக் கொடுத்தால் ஆயிற்று என்று தோன்றும். அது பாதி மருந்து. மாற்றுப் பட்டியல் பழைய சொற்களின் நினைவைத் தவிர்க்கும். பழகிய உத்தியைத் தவிர்க்காது. அதோடு அது ஒரு புதுத் தொல்லையையும் கூட்டி வரும். இரண்டு பட்டியல்களும் ஒரே அளவு கடினம் என்று யார் சொன்னது? ஒன்றில் கண்முன் நிற்கும் இரண்டசைச் சொற்களும், மற்றதில் நீண்ட, அதிகம் புழங்காத சொற்களும் இருந்தால், இரண்டாவது பட்டியலில் எல்லோருமே இரண்டு மூன்று சொற்கள் குறைவாகத்தான் சொல்வார்கள். அந்தக் குறைவு நோயாளியின் கணக்கில் ஏறிவிடும். ஆங்கிலப் பட்டியல்களை அவசரமாகத் தமிழாக்கும்போது இது எளிதில் நேரும். மூலத்தில் சமமாக இருந்த இரு பட்டியல்கள் தமிழில் சமமாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆய்வுகளில் பாதிப் பேருக்கு முதலில் ஒன்று, மீதிப் பேருக்கு முதலில் மற்றது என்று கொடுத்து இந்தக் கோணலைச் சமன் செய்வார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒற்றை நோயாளியைப் பாதியாகப் பிரிக்க முடியாது.

இதுவரை பேசியது எண் எவ்வளவு ஆடுகிறது, எவ்வளவு நகர்கிறது என்பது பற்றி. இன்னும் ஆழமான கேள்வி ஒன்று மிச்சம்: இரண்டாம் முறை இந்தச் சோதனை அதே விஷயத்தைத்தான் அளக்கிறதா? ஏற்புடைமை என்று சொல்வது இதைத்தான். இதற்கும் ரேயின் இன்னொரு சோதனையே நல்ல எடுத்துக்காட்டு. 1941இல் அவர் ஒரு சிக்கலான கோட்டுப்படத்தை வெளியிட்டார். செவ்வகம், குறுக்குக் கோடுகள், முக்கோணம், வட்டம் என்று பின்னிப் பிணைந்த படம். பதினெட்டுக் கூறுகள், கூறுக்கு இரண்டு வீதம் 36 மதிப்பெண். நோயாளியிடம் அதைப் பார்த்து வரையச் சொல்வார்கள். நினைவு என்ற பேச்சே எழாது. காகிதத்தை எடுத்துவிட்டு, வழக்கமாக அரை மணி நேரம் கழித்து, "அந்தப் படத்தை இப்ப மனசுல இருந்து வரையுங்க" என்பார்கள். எதிர்பாராத கேள்வி என்பதில்தான் இச்சோதனையின் உயிர் இருக்கிறது. மனப்பாடம் செய்ய முயலாமலே எவ்வளவு படிந்தது என்று பார்ப்பது அதன் நோக்கம். அடுத்த ஆண்டு அதே நோயாளி வரும்போது, பின்னால் இதைக் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். பார்த்து வரையும்போதே கோடு கோடாக மனப்பாடம் செய்கிறார். தாள் அதே, படம் அதே, மதிப்பெண் இடும் முறையும் அதே. அளக்கப்படும் பொருள் மட்டும் மாறிவிட்டது. சராசரி ஏற்றத்தைக் கழித்து இதைச் சரிசெய்ய இயலாது. கழிப்பதற்கு முன் இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டுமல்லவா?

சொற்களை அச்சிட மாட்டேன் என்று சொன்னதன் காரணமும் இதுவே. 2018 ஜனவரியில் அமெரிக்க அதிபர் டிரம்ப் மொன்ட்ரியல் அறிவாற்றல் சோதனையில் 30க்கு 30 எடுத்தார் என்று அவரது மருத்துவர் அறிவித்தபோது, ஊடகங்கள் அந்தச் சோதனைத் தாளைப் படங்களோடு வெளியிட்டன. அதைப் பார்த்துவிட்டு மறுமாதம் மருத்துவரிடம் போனவர், முதல் முறையே இரண்டாம் முறை போலச் சோதிக்கப்பட்டிருப்பார். அப்பாவை நினைவுப் பரிசோதனைக்கு அழைத்துப் போகுமுன் இணையத்தில் தேடி, வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் நம் ஊரிலும் உண்டு. நல்லெண்ணம்தான், ஆனால் அப்பாவின் மறதி அதனால் இன்னும் ஓராண்டு ஒளிந்துகொள்ளும்.

முதியோரிடம் இந்தச் சிக்கல் வேறொரு வேடத்தில் வருகிறது. வலிப்பு அறுவையில் கத்தி வைத்த நாள் தெரியும். மறதி நோயில் அப்படி ஒரு நாள் இல்லை. சரிவு மெல்ல வருகிறது, பயிற்சி மெல்ல ஏற்றுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, சில ஆண்டுகள் மதிப்பெண் தட்டையாக நிற்கலாம். வயது கூடக் கூடப் பயிற்சி விளைவு பொதுவாகக் குறையும் என்பதால், இளைஞர்களிடம் கண்ட சராசரி ஏற்றத்தை எழுபது வயதுக்காரரிடம் கழிப்பதும் பிழை. ஒப்பிடும் கூட்டம் வயதிலும் படிப்பிலும் இடைவெளியிலும் நோயாளிக்கு நெருங்கியதாக இருக்க வேண்டும். ஏற்றத்தின் பெரும்பகுதி முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் இடையில்தான் நடக்கும். மூன்றாவது, நான்காவது முறைகளில் சிறுத்துவிடும். அதனால் சில மருந்து ஆய்வுகளில், சிகிச்சை தொடங்குமுன்னரே ஆளை இரண்டு முறை சோதித்துவிட்டு இரண்டாவதைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்கிறார்கள். முதல் சோதனை ஒத்திகையாகக் கழிந்துவிடும்.

அதைச் செய்யாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு மனச்சிதைவு நோய் ஆய்வு ஒன்று சான்று. புதிய தலைமுறை மருந்துகள் நோயாளிகளின் அறிவாற்றலை உயர்த்துகின்றன என்று பல ஆய்வுகள் சொல்லிவந்தன. டெர்ரி கோல்ட்பர்க் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், எந்த மருந்தும் சாப்பிடாத ஆரோக்கியமானவர்களையும் அதே இடைவெளியில் அதே சோதனைகளுக்கு உட்படுத்திப் பார்த்தார்கள். மருந்து உண்டவர்களின் முன்னேற்றத்தில் பெரும்பகுதி, மருந்து உண்ணாத ஆரோக்கியமானவர்களின் பயிற்சி ஏற்றத்தின் அளவுக்குத்தான் இருந்தது.

மறுசோதனைக்குப் போகும் குடும்பம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். முந்தைய அறிக்கையை, "சராசரி", "லேசான குறைபாடு" என்ற சொற்களோடு மட்டுமல்லாமல், எடுத்த எண்களோடு கேட்டு வாங்கி வைத்திருப்பது நல்லது. எந்தப் பட்டியல், எந்த மொழி, எந்தத் தேதி என்பதும் அதில் இருக்க வேண்டும். முதல் முறை தமிழில் சோதித்தால் இரண்டாம் முறையும் தமிழில். காது கருவியும் கண்ணாடியும் மறக்கக் கூடாது. இடையில் வலிப்பு மருந்தோ தூக்க மருந்தோ மாறியிருந்தால் சொல்லிவிட வேண்டும்; சில வலிப்பு மருந்துகள், குறிப்பாக டோபிராமேட், சொல் எடுக்கும் வேகத்தையே மந்தப்படுத்தும், அது மறதி போலத் தெரியும்.

பயிற்சி விளைவைக் கழித்துத் தள்ள வேண்டிய இடைஞ்சலாகவே எல்லோரும் பார்த்துவந்தபோது, அமெரிக்காவில் கெவின் டஃப் என்ற நரம்பு உளவியலாளர் அதையே அளக்க எண்ணினார். லேசான நினைவுக் குறைபாடு உள்ள முதியவர்களை ஒரு வாரத்துக்குள் அதே சோதனைகளுக்கு இரண்டு முறை உட்கார வைத்தார். ஓராண்டு கழித்து மீண்டும் பார்த்தார். அந்த ஒரு வாரத்தில் மதிப்பெண் நன்றாக ஏறியவர்களின் நிலை ஓராண்டுக்குப் பின்னும் ஓரளவு தாக்குப்பிடித்தது. ஒரு வாரத்தில் ஏற்றமே காணாதவர்கள் பின்னர் கூடுதலாகச் சரிந்தார்கள். முதல் நாள் மதிப்பெண் ஒன்றாகவே இருக்கும் இரண்டு பேரை, ஏழு நாள் கழித்து எடுக்கும் மதிப்பெண் பிரித்துக் காட்டக்கூடும் என்பதே இதன் பொருள். ஆனால் தனி ஒருவருக்கு இதை வைத்து நோய் இன்னதென்று முடிவு கட்ட முடியாது. அந்த ஏழு நாள் ஏற்றமும் இரண்டு மதிப்பெண்களின் வித்தியாசம்தான். கணக்கருக்குப் போட்ட அதே தடுமாற்றக் கணக்கு அதற்கும் உண்டு. எதிரில் வைத்துப் பார்க்க, அதே வயதும் படிப்பும் உள்ள ஆரோக்கியமானவர்கள் ஒரு வாரத்தில் எவ்வளவு ஏறுகிறார்கள் என்ற அட்டவணை அந்த மொழியிலேயே வேண்டும். ஒரே ஆளை இரண்டு முறை வரவழைத்துத்தான் அந்த அட்டவணையைத் தயாரிக்க முடியும். முதல் முறை வந்துபோன ஆரோக்கியமானவர்களை ஒரு வாரத்தில் மறுபடி அழைத்து வருவதுதான் அதில் கடினமான வேலை.